பட்டையை ஒட்டிய புள்ளிகள்

“நான் ஒண்ணே ஒண்ணு கேப்பேன். செய்வீங்களா?”

“கேளு.”

“லேபுக்குள்ள நீங்க வரக் கூடாது. வந்து நின்னுக்கிட்டு, இதை அப்படி எழுது, அதை இப்படி மாத்துன்னு சொல்லக் கூடாது.”

“அவ்ளோதானா? நான் பயந்தே போயிட்டேன். எங்கம்மாவ எங்கயாவது அனுப்பச் சொல்லப் போறியோன்னு.”

“விளையாடாதீங்க. நிஜமாத்தான் கேக்குறேன்.”

“சரிம்மா. மேல உன் ராஜ்ஜியம், கீழ என் ராஜ்ஜியம். நான் அந்தப் படியே ஏற மாட்டேன். போதுமா?”

பூச்சு வேலை முடியாத மாடிப்படியில், சிமெண்டு மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு பேசிய பேச்சு இது. செஞ்சியில் திருவண்ணாமலை சாலையில் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியைக் கட்டிக்கொண்டிருந்த காலம். கீழே வெளிநோயாளிகளைப் பார்க்கும் அறை, முதல் மாடியில் வார்டு, அதற்கும் மேலே கிருமிகளைச் சோதிக்கும் லேப். கீழ்த்தளத்தில் தேவேந்திரன் பொது மருத்துவர். மேல்தளத்தில் அவன் மனைவி கலைவாணி நுண்ணுயிரியல் மருத்துவர்.

கலைவாணி அப்படி ஒரு நிபந்தனை போட்டதற்குக் காரணம் உண்டு. முன்பு சென்னையில் அவள் வேலை பார்த்த பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு மூத்த அறுவை மருத்துவர் லேபுக்குள் வந்து நின்று, இந்த மருந்து வேலை செய்யும் என்று எழுதிக் கொடு என்று எல்லார் முன்னாலும் கத்தினார். அவள் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் அன்றைக்குப் பட்ட அவமானம் நெடுநாள் ஆறவில்லை. அது தெரிந்துதான் தேவேந்திரன் வாக்குக் கொடுத்தான்.

கொடுத்த வாக்கை அவன் காப்பாற்றிய விதத்தைத்தான் சொல்ல வேண்டும். ஆயுத பூஜையன்று மைக்ராஸ்கோப்புக்குச் சந்தனப் பொட்டு வைத்துப் படைத்தால், பொரியும் சுண்டலும் கீழே அவனைத் தேடிப் போகும். அவன் வர மாட்டான். ஒருமுறை லேப் ஃபிரிட்ஜில் புகை வந்தபோதுகூடப் படியின் திருப்பத்தில் நின்றுகொண்டு “மெயினை அணை, மெயினை அணை” என்று கத்தினானே தவிர, அதற்குமேல் ஒரு படி ஏறவில்லை. ஊழியர்களுக்கெல்லாம் அது சிரிப்பு. கலைவாணிக்கு முதலில் பெருமையாக இருந்தது. போகப் போக அந்தப் பெருமை எங்கேயோ கரைந்துவிட்டது.

சோதனை முடிவுகளை முதலில் இன்டர்காமில் சொல்வாள். பிறகு வாட்ஸப் வந்தது. கிருமி வளர்ந்த தட்டைப் படம் பிடித்து அனுப்புவாள். அவன் நோயாளிகளுக்கு நடுவே செல்போனில் பார்த்துவிட்டு “ஓகே” என்பான். கணவனும் மனைவியும் ஒரே கட்டடத்தில் பகலெல்லாம் இருந்தும், ஒருவர் செய்வதை ஒருவர் கண்ணால் பார்த்ததில்லை. சில காலைகளில் தட்டு ஒன்று மிக அழகாக வந்திருக்கும். அப்போது அவளுக்கு ‘மேல வாங்களேன், பாத்துட்டுப் போங்க’ என்று சொல்ல வேண்டும்போல் இருக்கும். போனை எடுப்பாள். நானே போட்ட நிபந்தனையை நானே எப்படி மாற்றுவது என்று தோன்றும். வேறு ஏதாவது பேசிவிட்டு வைத்துவிடுவாள். வருஷக்கணக்காக இப்படியே போய்க்கொண்டிருந்தது.

அன்றைக்கு அமாவாசை. மேல்மலையனூர் அம்மன் கோவிலுக்குப் போகும் சிறப்புப் பேருந்துகள் விடிந்ததிலிருந்தே ஆரன் அடித்துக்கொண்டு போயின. கலைவாணி லேபைத் திறந்து இன்குபேட்டரிலிருந்து அமீர் ஜானின் தட்டை எடுத்தாள்.

அமீர் ஜான் பஜாரில் மெத்தைக் கடை வைத்திருப்பவர். சர்க்கரை நோய்க்காரர். சிறுநீரில் ஆரம்பித்த தொற்று ரத்தத்தில் ஏறிவிட்டது. குளிர் நடுக்கத்தோடு கொண்டுவந்து சேர்த்தார்கள். ரத்தத்தில் வளர்ந்த கிருமி கிளெப்சியெல்லா. தேவேந்திரன் அவசரத்துக்கு மெரோபெனம் ஊசியைத் தொடங்கியிருந்தான். மருந்து வில்லைகளை வைத்துப் பார்த்த முதல் சோதனையில் மெரோபெனம் எல்லைக்கோட்டில் நின்றது. கேட்கும் என்றும் சொல்ல முடியவில்லை, கேட்காது என்றும் சொல்ல முடியவில்லை. அதனால்தான் முந்தின நாள் பட்டை வைத்தாள்.

அந்தப் பட்டை விரல் நீளம்தான் இருக்கும். அதன் ஒரு முனையில் மருந்து மிக அதிகம், மறுமுனைக்கு வர வரப் படிப்படியாகக் குறைந்துகொண்டே போகும். எந்த இடத்தில் எவ்வளவு என்று மேலே எண்கள் அச்சிட்டிருக்கும். நோயாளியின் கிருமியை அகார் கூழ் பரப்பிய தட்டு முழுக்கச் சீராகத் தடவி, நடுவில் பட்டையை ஒரே தடவையில் வைத்துவிட வேண்டும். வைத்ததை நகர்த்தக் கூடாது. தொட்டவுடனே மருந்து இறங்க ஆரம்பித்துவிடும். மறுநாள் தட்டெல்லாம் கிருமி வெண்சாம்பலாகப் படர்ந்திருக்க, பட்டையைச் சுற்றி மட்டும் ஒரு நீள்வட்டம் வெறுமையாக இருக்கும். மருந்து அதிகமுள்ள பக்கம் அகலமாகவும், குறையக் குறையக் குறுகியும் வந்து, அந்த நீள்வட்டத்தின் ஓரம் ஓரிடத்தில் பட்டையைத் தொடும். தொடும் இடத்தில் இருக்கும் எண்தான் கணக்கு. கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கக் குறைந்தபட்சம் எவ்வளவு மருந்து தேவை என்பதை அது சொல்லும். சிறிய எண் என்றால் மருந்து கேட்கும். பெரிய எண் என்றால், உடம்பு தாங்கும் அளவில் எவ்வளவு ஏற்றினாலும் பலனில்லை.

நீள்வட்டம் பட்டையைத் தொட்ட இடம் பாயிண்ட் ஐந்து. நல்ல எண். கலைவாணிக்கு உடம்பு லேசானதுபோல இருந்தது. அப்படியே படம் பிடித்துக் கீழே அனுப்பினாள். அனுப்பிய பிறகுதான் வழக்கம்போல் மூடியைத் திறந்து, தட்டை விளக்குக்குச் சாய்த்து, லென்ஸைக் கண்ணில் வைத்துப் பார்த்தாள்.

வெறுமையாகத் தெரிந்த நீள்வட்டத்துக்குள், பட்டையை ஒட்டி, ஊசிமுனை அளவில் புள்ளிகள். ஒன்றிரண்டல்ல. படியேறுவதுபோல இரு பக்கமும் ஏறி, ஆறு என்ற எண்ணுக்குச் சற்றுக் கீழே வந்து நின்றிருந்தன.

அவள் எதுவும் சொல்லாமல் லென்ஸை அர்ஷத்திடம் நீட்டினாள். அர்ஷத் அங்கே டெக்னீசியன். பட்டை வைத்த தட்டை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், முதலில் பார்த்தவர் வாயைத் திறக்கக் கூடாது என்பது லேபின் வழக்கம்.

அர்ஷத் குனிந்தான். நிமிர்ந்தான். மறுபடியும் குனிந்தான்.

“ஆறு மேடம். நாலுக்கும் எட்டுக்கும் நடுவுல நிக்கிறதால மேல எட்டுன்னு தூக்கி எழுதணும்.”

“ஓரம் பாயிண்ட் அஞ்சுலதானே தொடுது?”

“தொடுது. ஆனா உள்ள குடி வந்துட்டானுங்களே. வாடகைக்கு இல்ல, சொந்த வீடு மாதிரி உக்காந்திருக்கானுங்க.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மருந்துக்கு வளர்ச்சி முற்றிலும் நின்ற இடத்தைத்தான் படிக்க வேண்டும். உள்ளே தனித்தனியாக நிற்கும் புள்ளிகளையும் சேர்த்துத்தான் கணக்கு. அப்படிப் பார்த்தால் எட்டு. எட்டு என்றால் மெரோபெனம் கேட்காது. கேட்கும் மருந்தைச் சோதித்துப் போடும் வசதி பாண்டிச்சேரியில் இருக்கிறது. அமீர் ஜான் இன்றே போக வேண்டும். மதியத்துக்குமேல் அமாவாசைக் கூட்டம் சாலையை அடைத்துவிடும்.

அதற்குள் போன் அடித்தது.

“பாத்தேன். பாயிண்ட் அஞ்சு. சூப்பர். மருந்து கேக்குதுன்னு அவங்க வீட்டம்மாகிட்ட சொல்லிட்டேன். ரிப்போர்ட் போட்டுடு.”

“இருங்க, அவசரப்படாதீங்க. உள்ள புள்ளி புள்ளியா காலனி இருக்குது. ஆறு வரைக்கும் ஏறியிருக்குது.”

“போட்டோல ஒண்ணும் இல்லையே.”

“போட்டோல தெரியாது. சாய்ச்சுப் பாத்தாத்தான் தெரியும்.”

“கலை, இங்க வாசல் வரைக்கும் கூட்டம். ஆடி மாசம் அந்தத் தொண்டூர்க்காரருக்கும் இப்படித்தான் உள்ள காலனின்னு சொன்ன. கடைசில இன்னா ஆச்சு? காத்துல வந்து விழுந்த கிருமி.”

“அதையும் நான்தானே கண்டுபிடிச்சுச் சொன்னேன்?”

“அதான் சொல்றேன், இதுவும் அப்படி இருக்கலாம்ல. அந்த மனுசனுக்கு நேத்து ராத்திரி ஜுரம் இறங்கியிருக்குது. பிரஷர் நிக்குது. நல்லா இருக்கிறவர ஆம்புலன்ஸ்ல தூக்கிப் போட்டு எதுக்கு அலைக்கழிக்கணும்?”

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. அவன் பார்ப்பது நோயாளியை; அவள் பார்ப்பது தட்டை. போன் வைக்கப்பட்டது.

காற்றில் விழுந்த கிருமியா என்பதைச் சரிபார்க்க வழி இருந்தது. பட்டை வைத்தபோதே, தட்டில் தடவிய அதே கிருமிக் கலவையிலிருந்து ஒரு சொட்டை இன்னொரு தட்டில் கோடிழுத்து வைத்திருந்தாள். வேறு கிருமி கலந்திருந்தால் அதில் காட்டிக்கொடுத்துவிடும். எடுத்துப் பார்த்தாள். ஒரே நிறம், ஒரே பளபளப்பு, ஒரே வகை. உள்ளே இருந்த புள்ளி ஒன்றைத் தொட்டெடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். கிளெப்சியெல்லாவின் அதே குட்டைக் குச்சி வடிவம். புள்ளிகளை வேறு தட்டிலும் வளர்க்கப் போட்டாள், ஆனால் அது நாளைக்குத்தான் தெரியும். பட்டையிலேயே கோளாறோ என்று, தெரிந்த கிருமியை வைத்து அதே பெட்டியிலிருந்து எடுத்த இன்னொரு பட்டையால் சோதித்த தட்டையும் பார்த்தாள். அது இருக்க வேண்டிய எண்ணிலேயே இருந்தது.

“போட்டோவ மறுபடியும் எடுப்போம் மேடம்,” என்றான் அர்ஷத். எக்ஸ்ரே கவரிலிருந்த கறுப்புத் தாளைத் தட்டுக்கு அடியில் விரித்தான். அவள் சாய்த்துப் பிடிக்க அவன் எடுத்தான். அவன் பிடிக்க அவள் எடுத்தாள். ஒன்றில் விளக்கின் வெளிச்சம் வட்டமாக விழுந்தது. ஒன்றில் அர்ஷத்தின் மூக்கு தெரிந்தது.

“இது நல்லா விழுந்திருக்கு, மேடம்.”

“உன் மூக்குதான் நல்லா விழுந்திருக்கு.”

“சாருக்கு அனுப்புங்க, அதையாவது பாத்துச் சந்தோசப்படட்டும்.”

எடுத்ததில் சுமாரானதை அனுப்பினாள். பெரிதாக்கிப் பார்த்தால் கட்டம் கட்டமாக உடைந்தது. பதில் வந்தது: ‘Clear-ஆ தான் இருக்கு.’

“நீங்க எட்டுன்னு கையெழுத்துப் போட்டு அனுப்பிடுங்க. அப்புறம் அவரு பாடு,” என்றான் அர்ஷத்.

அனுப்பலாம். அனுப்பினால், போட்டோவில் பாயிண்ட் ஐந்தைப் பார்த்த கண், காகிதத்தில் எட்டைப் பார்க்கும். அவன் கோபப்பட மாட்டான். நாளைக்கு அந்த வளர்ப்பு முடிவும் வரட்டும், அதுவரை இதே மருந்தைப் போடுவோம் என்பான். அந்த ஒரு நாளில்தான் எல்லாம் இருந்தது. தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போய் அவன் மேஜையில் வைக்கவும் முடியாது. மருந்துக்கு அடங்காத கிருமி உள்ள தட்டை வார்டு வழியாகக் கொண்டுபோகக் கூடாது. அது அவளே எழுதி லேப் கதவில் ஒட்டி வைத்திருப்பது.

கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, கையைச் சோப்பு போட்டுக் கழுவினாள். “தட்டை மூடி வை. நான் வரேன்,” என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள்.

முதல் மாடியில் வார்டைத் தாண்டித்தான் போக வேண்டும். அமீர் ஜான் கண்ணை மூடிப் படுத்திருந்தார். போர்வைக்குள் தோள் நடுங்கியது. நர்ஸ் சுமலதா அடுத்த வேளை மெரோபெனத்தைச் சலைனில் கலந்துகொண்டிருந்தாள்.

“ஜுரம் எப்படி?”

“விடியக்காலையில குறைஞ்சுது டாக்டர். இப்ப மறுபடியும் நூத்திரண்டு. மாத்திரை போட்டா இறங்குது, அப்புறம் ஏறிக்குது.” சுமலதா குரலைத் தாழ்த்தினாள். “யூரின் பையும் பாருங்க. ராத்திரியிலிருந்து கம்மி.”

“சாருக்குத் தெரியுமா?”

“ரவுண்ட்ஸ் வந்தப்ப ஜுரம் இல்ல. இப்பதான் எழுதி அனுப்பணும்.”

கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த முன்னி எழுந்து வந்தார். அமீர் ஜானின் மனைவி. கையில் செல்போன்.

“டாக்டரம்மா, எங்க இலியாசு பெங்களூர்லேந்து கிளம்புறேன்றான். வேணாம்டா, உங்க அத்தாவுக்கு மருந்து கேக்குதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு, நீ லீவப் போட்டுட்டு வராதன்னு இப்பதான் சொன்னேன்.”

கலைவாணி குனிந்து யூரின் பையைப் பார்த்தாள்.

“கேக்குதில்ல?” என்றார் முன்னி. “இவரு இன்னான்னா, ராத்திரியெல்லாம் கடையில பஞ்சு அடைக்கிறாராம். அந்த உறையக் குடு, இந்த உறையக் குடுன்னு என் முந்தானையப் புடிச்சி இழுக்கிறாரு. ஜுரத்துல உளறுறாருன்னு நெனச்சேன்.”

“டாக்டர்கிட்ட பேசிட்டு வரேன். பையன்கிட்ட கொஞ்சம் இருந்து முடிவு பண்ணச் சொல்லுங்க.”

முன்னியின் முகம் சட்டென்று மாறியதை அவள் பார்த்தாள். அதற்குமேல் நிற்க முடியவில்லை.

கீழே வரிசை வாசற்படி வரை இருந்தது. குழந்தைகள், கட்டுப்போட்ட கால்கள், கோவிலுக்குப் போகிற வழியில் மாத்திரை வாங்க நின்ற மஞ்சள் புடவைகள். மேலே இருக்கும் டாக்டரம்மா கீழே இறங்கி வந்ததைக் கண்டு இரண்டொருவர் வழி விட்டார்கள். அவள் கதவைத் தட்டாமலே தள்ளினாள்.

தேவேந்திரன் எதிரில் சிங்கவரத்துக் கன்னியப்பன் கையை நீட்டி உட்கார்ந்திருந்தார். கடலை பறிக்கும்போது கட்டைவிரலில் முள் ஏறி வீங்கிப்போயிருந்தது. தேவேந்திரன் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான். அவள் இந்த அறைக்கு வேலை நேரத்தில் வந்ததேயில்லை. அவன் மேலே வராதது வாக்கு. அவள் கீழே வராதது பழக்கம்.

“இன்னா கலை, வீட்ல ஏதாவதா?”

“வீட்ல ஒண்ணுமில்ல. அமீர் ஜானுக்கு நூத்திரண்டு. யூரின் குறைஞ்சிருக்குது. உளறுறாரு.”

அவன் பேனாவை வைத்தான். “ரவுண்ட்ஸ்ல இல்லையே.”

“இப்ப இருக்குது.”

“சலைன் வேகத்தக் கூட்டச் சொல்றேன். மெரோபெனம் போய்க்கிட்டுத்தானே இருக்குது? வேலை செய்ய இன்னும் ஒரு நாள் குடுக்கலாம்.”

“அது வேலை செய்யாது. எட்டு.”

“நீயே அனுப்பின போட்டோல பாயிண்ட் அஞ்சு.”

“பாக்காம அனுப்பினது என் தப்பு. ஆனா நீங்க போட்டோவப் பாக்குறீங்க, தட்டைப் பாக்கல. கலப்பு இல்லன்னு பாத்துட்டேன். பட்டையும் சரியா இருக்குது. அர்ஷத்தும் தனியாப் பாத்து எட்டுன்னான்.”

“அர்ஷத் நீ சொல்றதத்தானே சொல்லுவான்.”

“நான் வாயே தொறக்கல. அவன்தான் முதல்ல சொன்னான்.”

கன்னியப்பன் வீங்கிய கையை மெல்ல மடியில் வைத்துக்கொண்டார். “நான் வேணா வெளிய இருக்கட்டுமா சார்? எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. முள்ளு உள்ளதான் இருக்குது, எங்கியும் போவாது.”

“உக்காருங்க,” என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

தேவேந்திரன் செல்போனை எடுத்து அந்தப் படத்தை மறுபடி திறந்தான். இரண்டு விரலால் விரித்தான். உண்மையாகவே தேடினான். அவனுக்குப் பிடிவாதம் இல்லை. கண்ணுக்குத் தெரியாததை நம்புவதற்கு அவனுக்கு ஒரு பிடி வேண்டியிருந்தது. மருந்து கேட்கிறது என்று காலையில் ஒரு மனுஷியிடம் சொல்லிவிட்டான். இப்போது அதே மனுஷியிடம் போய், இங்கே முடியாது, வண்டி ஏறுங்கள் என்று சொல்ல வேண்டும். எதை வைத்துச் சொல்வது?

“எனக்குத் தெரியலையே கலை. சத்தியமாத் தெரியல. நீ தட்டைக் கொண்டாந்திருந்தா…” என்றவன் தானே நிறுத்தினான். “இல்ல, கொண்டாரக் கூடாது. உன் ரூல்.”

“ஆமா.”

“அப்ப என்னை இன்னா பண்ணச் சொல்ற?”

வாசலில் ஒரு குழந்தை வீரிட்டது. மேலே வார்டில் அந்த மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருக்கும். கலைவாணி மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஆதாரமெல்லாம் சொல்லி முடித்தாகிவிட்டது. மிச்சமிருந்தது ஒன்றுதான். இத்தனை வருஷமும் போனை எடுத்து எடுத்து, சொல்லாமலே வைத்துவிட்டது. கன்னியப்பன் இருக்கிறாரே என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

“மேல வாங்க,” என்றாள். “அன்னிக்கு வரக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன். இப்ப நானே கூப்பிடுறேன். எங்கூட நின்னு, அந்தத் தட்டை உங்க கண்ணால பாருங்க.”